காம்புப் பக்கம்

சமையலறையில் கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி, மூடியிருக்கிறதா என்று பார்ப்பவர் அருள்மேரி. பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். சேலையூரில் அவர் குடியிருக்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் கிருபா வைத்த பெயர் ‘டபுள் செக் அக்கா’.

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் படித்தார். இயந்திர வரைபடம் போடும் கம்பெனியில் சில வருடம் இருந்தார். அது மூடிய பிறகு, கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மோகன்ராஜ் நடத்தும் சிறிய மென்பொருள் கம்பெனிக்கு வந்தார். மோகன்ராஜ் இரும்புலியூர்க்காரர். அப்பா காலத்து வயல் கடைகளாகி, கடை வாடகை கம்பெனியாகியிருந்தது. மொத்தமே ஏழு பேர்.

அங்கே அவர்கள் முதலில் செய்தது காய்கறி நறுக்கும் மொபைல் விளையாட்டு. விரலால் கோடு இழுத்தால் திரையில் காய் இரண்டாக வேண்டும். எங்கே இழுத்தாலும், எந்தச் சாய்வில் இழுத்தாலும். முன்கூட்டியே வெட்டி வைத்த படங்கள் உதவாது. வெட்டு அந்த நொடியில் நடக்க வேண்டும். அதை எழுதியவர் அருள்மேரி.

கணினிக்குள் இருக்கும் காய்க்குச் சதை கிடையாது. சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டித் தைத்த தோல் மட்டும்தான். அதைத்தான் மெஷ் என்பார்கள். ஒரு தட்டையான தளத்தை அதற்குள் பாய்ச்சினால், தளத்துக்கு இந்தப் பக்கம் முழுதாக இருக்கும் முக்கோணங்கள் ஒரு துண்டுக்குப் போகும், அந்தப் பக்கத்தவை மற்றதற்கு. நடுவில் மாட்டியவற்றின் ஓரங்களைத் தளம் எங்கே தொடுகிறது என்று கணக்கிட்டு அங்கே புதுப் புள்ளி வைத்துப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் இரண்டு காலிக் கிண்ணங்கள் கிடைக்கும். புதுப் புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் கிண்ணத்தின் விளிம்பு. அந்த விளிம்புக்குள் முக்கோணம் நிரப்பி மூடி போட வேண்டும். கடைசியாக அந்த மூடியின் மேல் சதையும் விதையும் தெரியும் படத்தை ஒட்ட வேண்டும். படத்தின் எந்த இடம் மூடியின் எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண் சொல்ல வேண்டும். அந்த எண்களுக்கு யூவி என்று பெயர்.

எல்லாச் சோதனையும் ஒரு பூசணிக்காயின் மேல் நடந்தது. ஆயுத பூஜைக்கு உடைத்த காயைக் கிருபா படமெடுத்து மாடலாக்கியிருந்தான். கத்தியின் தளம் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறதோ அந்தத் துண்டைக் ‘காம்பு’ என்றும் மற்றதை ‘அடி’ என்றும் அழைத்தார்கள். நிரலிலும் அந்தப் பெயர்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் சிரிப்பார்கள், இரண்டு நாளில் அவர்களும் காம்பு, அடி என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

விளையாட்டு ஓடவில்லை. ஆனால் வெட்டும் நிரல் நன்றாக இருந்தது. வண்டலூருக்கு இந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் தாடை அறுவை செய்யும் டாக்டர் சுகுமார், மோகன்ராஜின் பழைய வகுப்புத் தோழர், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “பூசணிக்கா வெட்டறியே, எலும்ப வெட்டிக் காட்டுவியா?”

அப்படித்தான் அந்த டேப்லெட் கருவி வந்தது. நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து தாடையெலும்பின் மெஷ். டாக்டர் விரலால் தளத்தைச் சாய்த்து வைப்பார்; எலும்பு அங்கே இரண்டாகும். மூடியின் மேல் பூசணிச் சதைக்குப் பதிலாக, ஸ்கேனில் அதே சாய்வில் எடுத்த சாம்பல் நிறப் படம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பின் பாதை அதில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அது. அறுவைக்கு முன் அது கன்னத்தை ஒட்டி ஓடுகிறதா, நாக்கை ஒட்டி ஓடுகிறதா என்று தெரிந்தால், ரம்பத்தை எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்று முடிவு செய்யலாம்.

அந்தப் புதன்கிழமை காலையில் அருள்மேரி ஒரு புதிய ஸ்கேனை ஏற்றினார். முந்தைய ஸ்கேன்களைவிட இது துல்லியமானது. நரம்புப் பாதை மெஷ்ஷிலேயே ஒரு குழாயாக வந்திருந்தது. வெட்டினார். மூடி சரியாக விழுந்தது: வெளி விளிம்புக்குள் ஒரு சின்ன வட்டம் இருந்தால் அது துளை, அதை நிரப்பக் கூடாது என்று நிரலுக்குத் தெரியும். துளை திறந்தே இருந்தது. கன்னத்துப் பக்கம்.

படத்தில் கரும்புள்ளி நாக்குப் பக்கம் இருந்தது.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். துளையும் கரும்புள்ளியும் ஒரே நரம்புதான். ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற துண்டைத் திருப்பினார். அதில் துளைக்குள் கரும்புள்ளி கச்சிதமாகப் பொருந்தியது. மறுபடி முதல் துண்டு. எதிரெதிர்.

“கிருபா, இங்க வா.”

“இன்னாக்கா, கேஸ் மூட்லியா?” என்று எழுந்து வந்தவன் திரையைப் பார்த்ததும் நிறுத்தினான். “கண்ணாடி மாதிரி திரும்பிக்கினு கீது.”

“காம்புத் துண்டுல மட்டும்.”

அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. மூடியில் படத்தை வைக்க அகலத்துக்கு ஒரு திசை, உயரத்துக்கு ஒரு திசை வேண்டும். அந்தத் திசைகளை, மூடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலிருந்து அவர் எடுத்திருந்தார். இரண்டு துண்டுகளின் மூடிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்பவை. எனவே ஒன்றில் அகலத் திசை வலமிருந்து இடமாகிவிடும், உயரம் மாறாது. பூசணிக்காயில் இது பிழையே இல்லை. எந்தத் துண்டைத் திருப்பினாலும் விதை விதையாகத்தான் தெரியும். எலும்பில் ஒரே புள்ளிக்கு இரண்டு துண்டிலும் ஒரே யூவிதான் வர வேண்டும். மாற வேண்டியது, மூடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லும் முக்கோணங்களின் சுற்று வரிசை மட்டும். படத்தின் நடுவை மூடியின் நடுவில் வைத்ததாலும், தாடையின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட முட்டை வடிவம் என்பதாலும், திரும்பிய படமும் விளிம்புக்குள் சமத்தாக உட்கார்ந்துவிட்டது. இத்தனை மாதம் யாருக்கும் உறுத்தவில்லை.

“மெஷ்ல கொழா வராத ஸ்கேன்ல துளையே கெடையாது,” என்றான் கிருபா மெதுவாக. “மூடி மொத்தமா அடைச்சிரும். டாக்டருக்குப் படம் மட்டுந்தான் தெரியும்.”

“டாக்டர் சுகுமாருக்கு இன்னிக்கு ஆபரேஷன்,” என்றார் அருள்மேரி.

அந்த ஆபரேஷனுக்கான தாடை மாடலை அனுப்பியவரே அருள்மேரிதான். விபத்தில் உடைந்து கோணலாகச் சேர்ந்துவிட்ட ஒருவரின் தாடையை அதே இடத்தில் மறுபடி வெட்டி, நேராக்கி, தகடு வைக்கப் போகிறார்கள். பெயர் தெரியாது, கோப்பில் வயதும் ‘ஆண்’ என்பதும் மட்டும் இருந்தன. டாக்டர் வெட்டுத் தளத்தை டேப்லெட்டில் குறித்து, “நல்லா வந்திருக்கு, நரம்பு உள்ள தள்ளி இருக்கு, வேலை ஈஸி” என்று செய்தி அனுப்பியிருந்தார். அருள்மேரி அதற்கு நன்றி என்று பதில் போட்டிருந்தார்.

நாக்கை ஒட்டி என்று நம்பி, கன்னத்துப் பக்கமிருந்து ரம்பத்தை ஆழமாக இறக்கினால், நரம்பு அங்கேதான் இருக்கும்.

டாக்டரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மருத்துவமனை வரவேற்பில், “சார் தியேட்டருக்குள்ள போயிட்டாரு மேடம், வந்ததும் சொல்றேன்,” என்றார்கள். வந்த பிறகு சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை.

மோகன்ராஜ் தன் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அருள்மேரி நின்றபடியே சொன்னார். அவர் கோப்பையை வைத்தார்.

“அவன் சி.டி.யைப் பார்த்திருப்பான்ல. நம்ம பொம்மைய நம்பியா கத்தி எடுப்பான்?”

“பார்த்திருப்பாரு. ஆனா அந்தச் சாய்வுல நாமதான் வெட்டிக் குடுத்தோம் சார். மெசேஜ் பாருங்க, ‘நரம்பு உள்ள தள்ளி இருக்கு’ன்றாரு.”

“நிச்சயமா தப்புதானா? நீதான் பூட்ட நாலு தபா இழுக்கிற ஆளு.”

“இப்ப நான் பார்த்தது இன்னிக்கி வெர்ஷன். டாக்டர்கிட்ட இருக்கறது பழசு.” சொல்லும்போதுதான் அவருக்கே அது உறைத்தது. “நடுவுல நான் காம்பு, அடி ரெண்டையும் உருவாக்குற வரிசைய மாத்தினேன். பழசுல எது தப்புன்னு எனக்குத் தெரியல.”

மோகன்ராஜ் கார் சாவியை எடுத்தார். “கெளம்பு. வழியில பாரு.”

மடிக்கணினியை மூடாமலே தூக்கிக்கொண்டு இறங்கினார். கேம்ப் ரோட்டில் பள்ளிப் பேருந்து ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. மோகன்ராஜ் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு ஏறியதும் வண்டிகள் நகர்ந்து, நின்று, நகர்ந்தன. அருள்மேரியின் விரல்கள் விசையில் நிற்கவில்லை. ஒரு துண்டு சரி, ஒரு துண்டு தப்பு. தப்பானதைச் சரி என்று சொல்லிவிட்டால், சரியாகப் போய்க்கொண்டிருக்கும் கையைத் தானே தப்பான இடத்துக்குத் திருப்பியது ஆகும். பேசாமல் இருப்பதைவிட மோசம்.

டாக்டரிடம் இருக்கும் பழைய வெர்ஷனைத் திறந்தார். எதை வெட்டிப் பார்ப்பது? பூசணிக்காய் பொய் சொல்லும். வலம் வலமாகத் தெரிய வேண்டிய ஒன்று வேண்டும். கணினிக்கு ஸ்கேன் வெறும் எண்களின் அடுக்குதான். நோயாளியின் ஸ்கேனையே பிரதி எடுத்து, கன்னத்துப் பக்கத்தில் மட்டும் நெடுக ஒரு வெள்ளைக் கோட்டை எண்களாக எழுதினார். உண்மையில் அது கன்னத்துப் பக்கம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் எழுதியது அவர். வெட்டினால், எந்தத் துண்டில் வெள்ளைப் புள்ளி நாக்குப் பக்கம் போகிறதோ அதுதான் பொய்.

கார் குலுங்கியது. ஒரு எண் தப்பாக விழுந்து, படம் முழுக்க வெளுத்தது.

“சார், கொஞ்சம் மெதுவா.”

“மெதுவாவா, வேகமாவா? ஒண்ணு சொல்லு.”

“வேகமா போங்க.”

இரும்புலியூர் சிக்னலில் நின்றபோது கோடு சரியாக விழுந்தது. டாக்டர் சேமித்து வைத்த அதே தளத்தைப் போட்டு வெட்டினார். காம்புத் துண்டில் வெள்ளைப் புள்ளி நாக்குப் பக்கம் போயிருந்தது. அடித் துண்டில் கன்னத்துப் பக்கமே இருந்தது; நரம்பின் கரும்புள்ளியும் அதை ஒட்டியே இருந்தது. ஆக பழையதிலும் காம்புதான். தளத்தை நகர்த்தி இன்னொரு தடவை வெட்டினார். காம்பு. இன்னொரு தடவை.

“போதும்மா,” என்றார் மோகன்ராஜ், திரும்பாமல். “எத்தினி தபா?”

“போதும்.” ஆனாலும் ஒரு தடவை வெட்டினார்.

மருத்துவமனையில் மோகன்ராஜ் வண்டியை ஆம்புலன்ஸ் நிற்குமிடத்தில் விட்டார். காவலாளி கத்தினார். அருள்மேரி மாடிப்படியில் ஓடினார். முப்பத்தொன்பது வயதில் ஓடிப் பழக்கமில்லை. இரண்டாம் மாடியில் மூச்சு முட்டியது. அறுவை அரங்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடையில் ஆண் சட்டை ஒன்று மடித்து இருந்தது. அருள்மேரி அவளைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்தார்.

மணியை அழுத்தியதும் பச்சை உடையில் ஒரு நர்ஸ் வந்தார். சட்டையில் சுந்தரவல்லி என்ற பெயர் அட்டை.

“டாக்டர் சுகுமார்கிட்ட உடனே சொல்லணும். டேப்லெட்ல காம்புப் பக்கம் தப்பு. அடிதான் சரி.”

“என்னது?”

“காம்புப் பக்கம்…”

“எந்தக் காம்பும்மா? உள்ள தாடை ஆபரேஷன் நடந்துகினு இருக்கு. கேண்டீன் கீழ.”

அலுவலகத்தில் ஏழு பேருக்கு மட்டும் புரியும் சொல். தாடைக்கு ஏது காம்பு? பூசணிக்காய்ச் சோதனையில் கத்தியை அவர்களேதான் வைத்தார்கள், தளம் எப்போதும் காம்பைப் பார்க்கும். டேப்லெட்டில் டாக்டர் தம் விரலால் தளத்தைச் சாய்க்கிறார். அவர் இழுத்த வாக்கில் அது காதைப் பார்த்தும் நிற்கலாம், மோவாயைப் பார்த்தும் நிற்கலாம்.

“ஒரு நிமிஷம் சிஸ்டர், கதவச் சாத்தாதீங்க.”

தரையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். டாக்டர் சேமித்த தளத்தின் திசை மூன்று எண்களாக இருந்தது. எந்த அச்சு எதைப் பார்க்கிறது? ஸ்கேனில் முகத்தின் முன்புறம் எது? சாதாரண நாளில் யோசிக்காமலே சொல்வார். இப்போது விரலால் தம் தாடையையே தொட்டு, காதிலிருந்து மோவாய் வரை கோடு இழுத்துப் பார்த்தார். பெஞ்சிலிருந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்றாள் அந்தப் பெண்.

அருள்மேரி மூன்று எண்களையும் மறுபடி படித்தார். தளம் மோவாயைப் பார்த்தது. எனவே மோவாய்த் துண்டுதான் காம்பு.

“சிஸ்டர், இத அப்படியே சொல்லுங்க. டேப்லெட்ல மோவாய்ப் பக்கத் துண்டுல படம் இடவலமா திரும்பியிருக்கு. காதுப் பக்கத் துண்டுதான் சரி. நரம்பு கன்னத்த ஒட்டி இருக்கு. நாக்குப் பக்கம் இல்ல.”

சுந்தரவல்லி ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு உள்ளே போனார், இம்முறை வேகமாக. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே ஏதோ இயந்திரத்தின் சன்னமான இரைச்சல் கேட்டது போலிருந்தது. அது நின்றது. ரம்பமா, குளிர்சாதனமா என்று தெரியவில்லை. மோகன்ராஜ் படியேறி வந்து சுவரில் சாய்ந்தார்.

சுவரிலிருந்த இன்டர்காம் கரகரத்தது.

“மேரி, சுகுமார் பேசறேன். நான் பார்த்தது மோவாய்ப் பக்கம்தான். உறுதியா சொல்றீங்களா?”

“டெஸ்ட் பண்ணிட்டேன் டாக்டர். உங்ககிட்ட இருக்கற வெர்ஷன்ல, நீங்க போட்ட அதே தளத்துல.”

“சி.டி.ய இங்க ஸ்கிரீன்ல போடச் சொல்லியிருக்கேன். இருங்க.” யாரோ ஏதோ எண் சொன்னார்கள். “ஆமா. கன்னத்துப் பக்கம்தான்.” பிறகு தமக்குள் பேசுவது போல, “பாதி இறங்கிட்டேனே.”

“டாக்டர், நரம்பு…”

“தெரியல. தொட்டிருக்கலாம், தொடாமலும் இருக்கலாம். இனி கையாலதான் திறக்கணும்.” இன்டர்காம் அணைந்தது.

பெஞ்சிலிருந்த பெண் எழுந்து வந்தாள். “நீங்க டாக்டரா மேடம்?”

“இல்லம்மா. அவரு பாக்கற படத்தப் பண்றவ.” நிறுத்தினார். “படத்துல ஒரு தப்பு இருந்தது. அது என்னோடது. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

மோகன்ராஜ் அவர் முழங்கையைத் தொட்டார். அருள்மேரி நகரவில்லை. அந்தப் பெண் அவரைத் திட்டவில்லை. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தாள், பெஞ்சின் கோடிக்கு. அந்த இடைவெளி அருள்மேரிக்குத் திட்டைவிடக் கனமாக இருந்தது.

திரும்பும் வழியில் மோகன்ராஜ், “அந்தம்மாகிட்ட ஏன் சொன்ன?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே, கருவியை வாங்கிய மற்ற மூன்று டாக்டர்களையும் அருள்மேரி அழைத்தார். அந்த வெட்டை யாரும் இன்னும் பயன்படுத்தியிருக்கவில்லை. நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு இடம்: திசைகளை மூடியிலிருந்து எடுக்காமல், தளத்திலிருந்து ஒரு முறை எடுத்து இரண்டு துண்டுக்கும் கொடுப்பது. அவ்வளவு சிறியதாக இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் டாக்டர் வரச் சொன்னார். உணர்ச்சி இருக்கிறதா என்று அன்று பார்ப்பார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் அதற்குள் இறங்கியிருக்கும். அருள்மேரி வார்டில், படுக்கையை மறைத்த திரைத் துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். உள்ளே போக அவருக்குத் தைரியமில்லை.

“கண்ண மூடிக்கங்க,” என்றார் டாக்டரின் குரல். “பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா கையத் தூக்குங்க.”

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

“இங்க?… சரி. இங்க?… சரி. இப்ப அடிபட்ட பக்கம்.”

துணி லேசாக ஆடியது. அருள்மேரி அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தார். விட்டுவிட்டார்.

“இங்க?”

ஒன்றும் இல்லை.

“இங்க?”

ஒன்றும் இல்லை. யாரோ மூச்சை இழுத்தார்கள்; அந்தப் பெண்ணாக இருக்கலாம்.

“இதக் கொஞ்சம் மெதுவா இழுக்கறேன். அவசரமில்ல.”

கட்டிய வாயோடு, வார்த்தை நசுங்கி ஓர் ஆண் குரல் வந்தது. “கூசுது சார்.”

“எங்க?”

“உதட்டுல. கீழ இறங்கினா இல்ல. மோவாய் ஓரத்துல மரக்கட்ட மாதிரி கீது.”

“நரம்பு அறுபடல,” என்றார் டாக்டர். “நசுங்கியிருக்கு. மோவாய் ஓரம் திரும்ப வர மாசக்கணக்காகும். வரலாம். வராமலும் போகலாம். அத நான் இப்ப சொல்ல முடியாது.”

“இது போதும் சார்,” என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் வெளியே வந்தார். அருள்மேரியைப் பார்த்துத் தலையசைத்தார். “கேட்டீங்களா?”

“மோவாய் ஓரம்… அது ரம்பம் பட்டதாலயா?”

“வீக்கத்தாலயும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல முடியாது மேரி. நீங்களும் அதையே போட்டு இழுத்துகினு இருக்காதீங்க.”

அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். அருள்மேரி திரைத் துணியை விலக்கினார். தலையணையில் சாய்ந்திருந்தவர், தாடையைச் சுற்றிக் கட்டுடன், தம் சுண்டு விரலால் மோவாயின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக்கு ஏறினார், திரும்ப இறங்கினார், உணர்ச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுவது போல. அந்தப் பெண் அருள்மேரியை அடையாளம் கண்டு, கூடையை நாற்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்கிறாள் என்று புரிய அருள்மேரிக்கு நேரமாயிற்று.